பெயர் வராது என்று சொன்னோம்

அன்று பால்வாடி அறையில் இருந்தவர்கள்: பதினான்கு அம்மாக்கள், இரண்டு அப்பாக்கள், பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒரு மராத்தித் தாத்தா, டீச்சர், பால்வாடியை நடத்துகிற ட்ரஸ்டிலிருந்து வந்த மேடம், வாகட் பகுதியிலிருந்து வந்து ஆராய்ச்சி செய்த பெண், கதவோரம் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நான். குழந்தைகள் பாயில். கடைசியாக, வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி மூச்சிரைக்க வந்து என் பக்கத்தில் நின்ற ஒருத்தி. அவளுக்குப் பிறகு யாரும் வரவில்லை. இத்தனை சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு எத்தனையோ நாள் இந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைவில் நிறுத்தி, பேச்சு யார் வாயிலிருந்து முதலில் கிளம்பியிருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

நான் அந்தப் பால்வாடியில் மௌஷி, நம் பேச்சில் ஆயா. பாய் விரிப்பது, மூக்கு துடைப்பது, கிச்சடி பரிமாறுவது, அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்பது, இதுதான் வேலை. அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வேலைக்காக இந்த மராத்தி ஊருக்கு வந்து போபோடிப் பகுதியில் தங்கிவிட்டவர். நான் ஏழாவது படிக்கும்போது அம்மா படுக்கையில் விழுந்தாள், பள்ளிக்கூடம் அதோடு நின்றது. தமிழ் எழுத்து மட்டும் வீட்டில் கற்றது. பயம் யாரும் கற்றுக்கொடுக்காமலே வந்தது. கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பிப் போகிறவள் நான். எந்தக் காகிதத்தில் கையெழுத்து கேட்டாலும் நாலு தடவை படித்துவிட்டுத்தான் போடுவேன்.

என் பக்கத்தில் வந்து நின்றவள், எங்கள் சந்துக்கு அடுத்த சந்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தவள். என்னைப் போல வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். வாகட்டில் இரண்டு ஃப்ளாட்டில் சமையல். நாலு வயதுப் பெண் குழந்தை. புருஷன் சாகண் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவன். கம்பெனி அவனைக் குஜராத்துக்கு அனுப்பியிருக்கிறது என்பது அவள் எல்லோரிடமும் சொன்னது. அவன் ஜெயிலில் இருந்தான். கேஸ் நடந்துகொண்டிருந்தது, தீர்ப்பு ஆகவில்லை. என்ன கேஸ் என்று எழுதமாட்டேன்.

எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள். வேறு வழி இல்லாததால்தான் சொன்னாள். அவனைப் பார்க்கப் போகிற நாட்களில் குழந்தை பால்வாடிக்கு வராது.

"டீச்சர் கேட்டா காய்ச்சல்னு சொல்லிடுக்கா," என்றாள்.

"ஒரே புள்ளைக்கு எத்தினி தடவை காய்ச்சல் வரும்? வாந்தின்னும் சொல்லிப் பாக்கறேன்."

சிரித்தாள். அப்போதெல்லாம் சிரிப்பாள்.

வீட்டுக்காரர் குடும்பஸ்தர்களுக்கு மட்டும் ரூம் கொடுப்பவர், போலீஸ் வாசலுக்கு வரக்கூடாது என்று முதல் நாளே சொன்னவர். வாகட் அடுக்குமாடி சொசைட்டியில் கேட்டிலேயே வேலைக்காரர்களின் ஜாதகம் பார்ப்பார்கள். விஷயம் வெளியே வந்தால் அறை போகும், வேலை போகும். அவள் கட்டிக் காத்தது அவ்வளவுதான்: ஒரு அறை, இரண்டு அடுப்படி.

ஆராய்ச்சிக்கு வந்த பெண் வாகட்டில் இருப்பவள், கோயமுத்தூர்க்காரி. புருஷனுக்கு ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை. அவள் சின்னக் குழந்தைகளின் படிப்பைப் பற்றி டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு பாஷை, பால்வாடியில் இன்னொரு பாஷை என்று வளர்கிற குழந்தைகள் விளையாடும்போது எப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். எங்கள் அறையில் தமிழ், தெலுங்கு, ஹிந்தி, மராத்தி எல்லாம் ஒரே பாயில் உருளும். அவளுக்கு அது விருந்து.

முதல் நாள் என்னிடம் வந்து சொன்னாள், "அக்கா, டீச்சர் சரின்னுட்டாங்க, யுனிவர்சிட்டி எதிக்ஸ் கமிட்டியும் அனுமதி குடுத்துட்டாங்க. ஆனா அது பத்தாதுங்க. அப்பா அம்மா சம்மதிக்கோணும். அப்புறம் கொழந்தைகளும்."

"நாலு வயசுப் புள்ள இன்னாத்த சம்மதிக்கும்?"

"தெனமும் கேக்கோணுங்க்கா. ஒரு நாள் சரின்னா மறுநாளும் சரின்னு அர்த்தமில்லீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சுவரில் ஒரு கயிறு கட்டினாள். ஒவ்வொரு குழந்தையின் படத்தையும் அட்டையில் ஒட்டினாள். காலையில் வந்ததும் சம்மதம் என்றால் தன் அட்டையைத் துணி கிளிப் போட்டுக் கயிற்றில் மாட்ட வேண்டும். மாட்டாத குழந்தையைப் பற்றி அன்று ஒரு வரி எழுதமாட்டாள். நடுவில் கழற்றினாலும் நிறுத்திவிடுவாள். ஒரு பையன் தன் அட்டையை மாட்டிக் கழற்றி மாட்டிக் கழற்றி அவளை ஒரு காலை முழுக்க ஆட்டி வைத்தான். அவள் ஒவ்வொரு தடவையும் பேனாவைக் கீழே வைத்தாள்.

எழுதும்போது உண்மைப் பெயர் வரக்கூடாது என்பதால் குழந்தைகளே தங்களுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தன் ஜிலேபி, ஒருத்தன் போலீஸ். நான் சொல்கிற குழந்தை, அந்த அடுத்த சந்துக்காரியின் மகள், ஜேசிபி என்று வைத்துக்கொண்டாள். ரோட்டில் பள்ளம் தோண்டுகிற மஞ்சள் வண்டியில் அவளுக்கு அப்படி ஒரு ஆசை. கயிற்றில் முதல் அட்டை எப்போதும் அவளுடையதுதான்.

பெற்றோர்களுக்கு மராத்தியிலும் ஹிந்தியிலும் தாள் இருந்தது. தமிழ்க் குடும்பங்களுக்காகத் தமிழிலும் எழுதிக் கொண்டு வந்திருந்தாள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பி ஒரு வாரம் யோசிக்க விட வேண்டும் என்றாள். டீச்சர், பாவம், இருபது வருஷமாகக் காகிதம் வசூலித்து அலுத்தவர்.

"வீட்டுக்குப் போன காகிதம் பஜ்ஜி மடித்துத்தான் திரும்பி வரும்," என்றார் மராத்தியில். கொடுத்தனுப்ப ஒப்புக்கொண்டார். ஆனால் குழந்தைகளைக் கூட்டிப்போக வருகிற நேரத்தில் வாசல் மேசையில் வைத்து எல்லோர் கண் முன்னாலும் வாங்கினார். யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்பது வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. அது தப்பு என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஃபீஸும் அப்படித்தான் வாங்குவோம், சொட்டு மருந்துக்கும் அப்படித்தான்.

ஜேசிபியின் அம்மா தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு என்னைப் படியோரம் இழுத்தாள்.

"பேரு வருமாக்கா?"

"வராது. புள்ள பேரு, ஸ்கூலு பேரு, ஏரியா பேரு எதுவும் வராது. வேற பேருதான் போடுவாங்க."

"வேணாம்னு சொன்னா?"

"சொல்லலாம். காரணம்கூட சொல்ல வேணாமாம். தாள்லயே போட்டிருக்குது. புள்ளைய ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். "எல்லாரும் குடுத்துட்டாங்க. நான் மட்டும் குடுக்கலேன்னா ஏன்னு கேப்பாங்க. டீச்சர் கேக்கலேன்னாலும் மூணாம் நம்பர் ரூம்காரி கேப்பா. அவ கேட்டா நள்ளுக் கொழாயில தண்ணி வர்ற மாரி ஊரெல்லாம் போகும்."

கையெழுத்துப் போட்டாள். ஆராய்ச்சிப் பெண்ணின் தாளில் 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்குக் கீழே போட்டாள்.

பொம்மை மூலையில் சின்ன ரெக்கார்டர் வைத்து, ஆராய்ச்சிப் பெண் தள்ளி உட்கார்ந்து கவனிப்பாள். முதல் சில வாரம் நன்றாகவே போயிற்று. குழந்தைகள் டீ போட்டார்கள், ஊசி குத்தினார்கள், ரிக்‌ஷாவுக்குப் பேரம் பேசினார்கள். அவள் எழுதி எழுதிச் சிரித்தாள்.

ஒரு நாள் ஜேசிபி பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். ஜிலேபியை அதன் முதுகுக் கம்பிகளுக்குப் பின்னால் உட்கார வைத்தாள். போலீஸை ஓரத்தில் நிற்க வைத்தாள். பொம்மை ஃபோனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"அப்பா, ஃபோனைக் காதுல வையி. கேக்குதா? சாப்ட்டியா?"

ஜிலேபிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "சாப்ட்டேன்," என்றான்.

"அழாத. அம்மாவும் அழ மாட்டா."

ஓரத்தில் நின்றவனுக்கு அவள் கண் காட்டினாள். அவன் உடனே, "டைம் ஹோ கயா, சலோ, சலோ," என்று நேரம் முடிந்ததாக விரட்டினான். அவன் அதைத் தவறாமல் சொன்னதைப் பார்த்தால், முதல் தடவை விளையாடுகிற மாதிரி இல்லை.

நான் பால் டம்ளர் தட்டோடு நின்றுவிட்டேன். ஆராய்ச்சிப் பெண் முதலில் டிக்கெட் கவுன்டர் என்று நினைத்திருக்க வேண்டும், புன்னகையோடு எழுதிக்கொண்டிருந்தாள். புன்னகை மெல்ல நின்றது. எழுந்து போய் ரெக்கார்டரை அணைத்தாள். என்னைப் பார்த்தாள், என் முகத்தில் என்ன இருந்ததோ, உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

குழந்தைகள் தூங்கும் நேரத்தில் என்னிடம் வந்தாள். "அக்கா, நான் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கலீங்க. நீங்களும் ஒண்ணும் சொல்லாதீங்க. டீச்சர்கிட்டயும் நான் பேசப் போறதில்ல. அவங்கம்மாவ மட்டும் தனியாப் பாக்கோணும். அதுக்கு ஒரு எடம் சொல்லுங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாகட் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருக்கும் கரும்புச்சாறு வண்டியோரம் பார்த்தோம். நானும் கூட வர வேண்டும் என்று குழந்தையின் அம்மாதான் கேட்டாள். ஆராய்ச்சிப் பெண் சுற்றி வளைக்கவில்லை. விளையாட்டில் குழந்தை என்ன செய்தாள், என்ன சொன்னாள் என்று உள்ளது உள்ளபடி சொன்னாள். கேட்கக் கேட்க அம்மாவின் கையிலிருந்த கிளாஸ் சாய்ந்து சாறு செருப்பில் வடிந்தது.

"இது எங்கிட்ட இருந்து வெளிய போகாதுங்க. ஒரு கொழந்தைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சாத்தான் நான் வேற ஆளுகிட்டச் சொல்லியாகோணும், அதத் தாள்லயே எழுதியிருந்தேன். இது அதில்லீங்க. இது உங்க குடும்ப விஷயம். அந்தத் துண்டை மட்டும் அழிக்கலாம். இல்லாட்டி மொத்தமாவே உங்க பாப்பாவ எடுத்துரலாம். நீங்க சொல்றதுதான்."

"பேர மாத்திடுவேன்னீங்க."

"மாத்தித்தானுங்க இருக்குது. ஆனா அந்த ரூம்ல தமிழ் பேசற கொழந்தைக மூணே பேரு. படிக்கற வெளியாளுக்குத் தெரியாது. உங்க சந்துல இருக்கறவங்க கேட்டாங்கன்னா, பேரில்லாட்டியும் தெரிஞ்சுரும்."

அவள் கிளாஸை வண்டி மேல் வைத்தாள்.

"மொத்தமா எடுத்துருங்க மேடம்."

"சரிங்க." அவ்வளவுதான் சொன்னாள். ஏன் என்று கேட்கவில்லை. அந்த வாரமே குழந்தையின் குரல் இருந்த பதிவுகளை அழித்துவிட்டதாக அவளிடம் சொன்னாள். மற்ற குழந்தைகளின் குரலும் அதில் கலந்திருந்தது, பிரிக்க முடியாது, அதனால் அதுவும் சேர்ந்து போயிற்று. பல வார உழைப்பு. முகம் சுளிக்கவில்லை. நல்ல பெண். இந்தக் கதையில் கெட்டவர் யாராவது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நிம்மதியாக வீடு திரும்பினேன். எப்போதும் எதற்காவது பயப்படுகிறவளுக்கு, பயப்பட வேண்டியது வந்து போய்விட்டது என்று தோன்றினால் எவ்வளவு லேசாக இருக்கும். மறுநாள் காலை வரை அப்படி இருந்தேன்.

மறுநாள் குழந்தை ஓடி வந்தது, கயிற்றைப் பார்த்தது. அதன் அட்டை இல்லை.

"மௌஷி, என் ஜேசிபி அட்ட எங்க?"

அம்மா வேண்டாம் என்று சொன்ன பிறகு குழந்தை ஆசைப்பட்டாலும் கூடாதாம். ஆராய்ச்சிப் பெண் அதை என்னிடம் சொல்லும்போது அவளுக்கே குரல் இறங்கியது. எங்கள் பால்வாடி ஒரே அறை. ரெக்கார்டரை எந்த மூலையில் வைத்தாலும் அந்தக் குழந்தையின் குரல் கேட்கும், அது மெல்லப் பேசுகிற குழந்தையும் இல்லை. அதனால் பதிவு நடக்கிற நேரத்தில் நான் அதை வராந்தாவுக்குக் கூட்டிப் போய்க் களிமண் உருட்ட வைப்பேன்.

"தண்டன மாதிரி ஆயிருதுங்க்கா," என்றாள் ஆராய்ச்சிப் பெண். அம்மா வேண்டாம் என்று சொல்லியும் ஆகிவிட்டது. பதிவு நேரத்தைக் குறைத்தாள். குழந்தை தனியாக உட்காரக் கூடாது என்று வேறு இரண்டு குழந்தைகளையும் முறை போட்டு அனுப்பினாள். ஆனால் மற்ற குழந்தைகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், இது மட்டும் தினமும் வராந்தாவில் இருந்தது. குழந்தைகள் இதையெல்லாம் பெரியவர்களைவிட வேகமாகப் பார்ப்பார்கள். ஒரு நாள் அது வீட்டிலிருந்து ஒரு துணி கிளிப்பைக் கொண்டுவந்து, ஒரு காய்ந்த இலையைக் கயிற்றில் மாட்டியது.

"இதான் நானு," என்றது.

நான் அதைக் கழற்றினேன். வேறென்ன செய்வது. ஆராய்ச்சிப் பெண் அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

ஆராய்ச்சி முடிந்ததும் பெற்றோர்களைக் கூப்பிட்டுக் கண்டறிந்ததைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு விதி இருந்தது. யார் குழந்தை என்ன சொன்னது என்று சொல்லமாட்டாள், பொதுவாகத்தான் சொல்வாள். நன்றிக்காகக் கதைப் புத்தகங்கள் வாங்கி வந்திருந்தாள், சேர்ந்த குழந்தை சேராத குழந்தை என்று பார்க்காமல் வகுப்புக்கே. எல்லாம் யோசித்துத்தான் செய்தாள். நான் முதலில் சொன்ன அந்த நாள் அதுதான்.

பேசி முடித்தாள். மராத்தித் தாத்தா கை தட்டினார். முடிந்தது என்று நான் டீ டம்ளர்களை அடுக்கத் தொடங்கினேன். அப்போது ட்ரஸ்ட் மேடம் பையிலிருந்து ஒரு கட்டு எடுத்தார். சான்றிதழ்கள். தங்க நிறக் கரை போட்டு, ஆராய்ச்சியில் பங்கெடுத்ததற்குப் பாராட்டு என்று, ஒவ்வொரு குழந்தையின் உண்மைப் பெயரோடு. டீச்சரிடம் சேர்ந்திருந்த குழந்தைகளின் பெயர் கேட்டு அச்சடித்திருக்கிறார். யாருக்கும் சொல்லவில்லை, ஆச்சரியமாக இருக்கட்டுமே என்று.

ஆராய்ச்சிப் பெண் எழுந்து போய் அவர் காதருகே குனிந்தாள். "மேடம், யார் யார் சேர்ந்தாங்கன்னு வெளியே வரக்கூடாது, தயவுசெய்து இது வேண்டாம்," என்று ஹிந்தியில் கெஞ்சியது கதவு வரை கேட்டது.

"இதில் என்னம்மா, குழந்தைகளுக்குப் பெருமைதானே," என்று மேடம் சிரித்துக்கொண்டே முதல் பெயரைப் படித்தார்.

ஒவ்வொரு குழந்தையாகப் போய் வாங்கி வந்தது. போட்டோ எடுத்தார்கள். ஜேசிபி தன் முறைக்காக வரிசையில் நின்றது. கட்டு தீர்ந்தது. அது இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றது. மேடம் பையைத் தடவினார்.

"இந்தப் பொண்ணுக்கு எங்கே?" என்றார் தாத்தா.

டீச்சர் தாழ்ந்த குரலில்தான் சொன்னார், "அவங்க வீட்டில நடுவுல வேண்டாம்னுட்டாங்க."

"நாலு வயசுக் குழந்தை விளையாடறதுல வேண்டாம்னு சொல்ல என்ன இருக்கு?" மூணாம் நம்பர் ரூம்காரி கேட்டாள். குரலில் விஷமம்கூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

எல்லோரும் ஆராய்ச்சிப் பெண்ணைப் பார்த்தார்கள். அவள் முகம் வெளிறிவிட்டது. "அதை நான் சொல்லக் கூடாதுங்க. ரகசியம் காக்கறதா வாக்குக் குடுத்திருக்கேன்," என்றாள் மராத்தியில், படித்த மராத்தியில், ஒவ்வொரு சொல்லாக.

என் பக்கத்தில் நின்றவள் தண்ணீர்க் குடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்ததில் குடத்து மூடி கிடுகிடுவென்று ஆடியது. நான் அதன் மேல் கையை வைத்து அழுத்தினேன். அது மட்டும்தான் என்னால் முடிந்தது.

ஆராய்ச்சிப் பெண் சொல்லாமலிருந்து காப்பாற்றியதை, சொல்லமாட்டேன் என்று அவள் சொன்னது கொண்டுபோய்விட்டது. பெயர் வரவில்லை. ஒரு வரி வரவில்லை. வராதது மட்டும் எல்லோர் கண்ணிலும் பட்டது.

அதன் பிறகு நடந்தது சந்துக்குச் சந்து நடப்பதுதான். ரகசியம் என்று ஒன்று இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அது என்ன என்று அவரவர் இட்டுக்கட்டிக்கொள்வார்கள். குழந்தைக்கு ஏதோ ஒட்டுவாரொட்டி வியாதி என்றார்கள். இரண்டு வீட்டில் அதோடு விளையாட விடவில்லை. பிறகு அதைவிட மோசமாக ஒன்று வந்தது: குழந்தையை வீட்டில் யாரோ என்னவோ செய்திருக்கிறார்கள், அது மேடத்திடம் சொல்லிவிட்டது, அதனால்தான் அம்மாக்காரி நிறுத்திவிட்டாள் என்று. அவளைப் பார்க்க அவ்வப்போது வருகிற தம்பியின் பெயரும் அடிபட்டது. போலீஸுக்கு ஃபோன் போடலாமா என்று பேசுவதாக ஒருத்தி என்னிடமே வந்து கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றேன்.

"அப்ப இன்னா? உனக்குத் தெரியும்ல மௌஷி. தெரிஞ்சுக்கினு சொல்ல மாட்டேங்கற."

நான் வாயை மூடிக்கொண்டேன். நான் மூடிக்கொண்டதையும் அவள் எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வரும் நேரத்தில், குழாயடியில் அவ்வளவு பேரும் நிற்கும்போது, ஜேசிபியின் அம்மா குடத்தைக் குழாயின் கீழே வைத்தாள். நான் மூன்று குடம் தள்ளி நின்றிருந்தேன்.

"கேட்டுக்கோங்க," என்றாள் ஹிந்தியில். "எம் புருஷன் ஜெயில்ல இருக்கான். எம் பொண்ணு அவனைப் பாக்கப் போற மாதிரி விளையாடிச்சு. அதான். எந்தம்பி எம் பொண்ணைத் தூக்கிப் பள்ளிக்கூடம் விட்டதைத் தவிர ஒண்ணும் பண்ணல. இதுக்கு மேல யாராவது பேசினா பல்லு இருக்காது."

அவளுடைய குடம் நிரம்பி வழிந்தது, யாரும் நகர்த்தவில்லை. மூணாம் நம்பர்காரிதான் கடைசியில் அதை எடுத்து ஓரம் வைத்தாள். "சொல்லியிருக்கலாமே வஹினி," என்று அண்ணி முறை சொல்லிக் கூப்பிட்டாள். அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது. இரக்கம் வந்தும் என்ன, அன்று மாலைக்குள் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. அந்த மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஒரு ஃப்ளாட்டில் நாளை முதல் வேண்டாம் என்று ஃபோனில் சொன்னார்கள். இன்னொன்றில் அதுகூடச் சொல்லவில்லை, கேட்டில் அவள் பேரை எடுத்துவிட்டார்கள்.

ட்ரஸ்ட் மேடம் டீச்சரிடம், "நான் நல்லதுக்குத்தானே செய்தேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். நல்லதுக்குத்தான் செய்தார்.

ஆராய்ச்சிப் பெண் நடந்ததைத் தன் கைடுக்கும் எதிக்ஸ் கமிட்டிக்கும் தானாகவே எழுதிக் கொடுத்தாள். அவர்கள் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தாள். இனிமேல் பள்ளிக்கூடத்தோடு முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும், விலகியவர் யார் என்பதும் காக்க வேண்டிய விஷயம்தான் என்று பதில் வந்ததாம். அதைச் சொல்ல வராந்தாவுக்கு வந்தாள். நான் கிச்சடிப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள், சேலை நனைவதைப் பார்க்கவில்லை.

"அவங்க வீட்டுக்குப் போயிப் பாக்கலாமாங்க்கா?"

"போயி?"

ஒரு டம்ளரை எடுத்துத் தேய்த்தாள்.

"பணம் ஏதாச்சும் குடுத்தா..."

"வாங்க மாட்டா. நீ பணங்குடுத்து வாய மூடறேன்னு இன்னொரு பேச்சு வரும்."

"என் தீசிஸ்ல இத எழுதக்கூட முடியாதுங்க. எடுத்துருங்கன்னு சொன்னவங்களப் பத்தி எழுதக் கூடாது. அடுத்து வர்றவங்க ஒருத்தராச்சும் தெரிஞ்சுக்கலாம்னா, அதுக்கும் வழியில்ல." தேய்த்த டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "நான் எந்த எடத்துல தப்புப் பண்ணுனேன்னு சொல்லுங்கக்கா."

சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். இன்றுவரை அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். அவள் கேட்டாள், அழித்தாள், வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. எல்லோரும் ஒருவருக்கொருவர் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு வாழ்கிற இடத்தில், வேண்டாம் என்று சொல்கிற உரிமை இருப்பதாக ஒரு தாளில் எழுதி ஜேசிபியின் அம்மா கையில் கொடுத்தோம். அவள் அதை நம்பி உபயோகித்தாள். உபயோகிக்காமலே இருந்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பாளோ என்றும் நினைக்கிறேன்.

அவள் காலி செய்த அன்று டெம்போவில் ஒரு பீரோ, ஒரு அடுப்பு, இரண்டு மூட்டை. குழந்தை முன் ஸீட்டில் உட்கார்ந்து டிரைவரிடம் ஜேசிபி ஓட்டத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தது. எங்கே போகிறாள் என்று நான் கேட்கவில்லை. தெரிந்தால் என்னிடமிருந்து எப்படியாவது போய்விடும் என்று பயம்.

ஒரே ஒரு தடவை ஃபோன் செய்தாள். புது நம்பர். குழந்தையை எங்கேயும் சேர்க்கவில்லை என்றாள். சேர்க்கிற இடத்தில் மறுபடியும் ஒரு தாள் நீட்டினால் என்ன செய்வது என்று தெரியவில்லையாம். இதை எழுதலாமா என்று அப்போதுதான் கேட்டேன். நேராகக் கேட்டேன், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன், யாருக்கும் தெரியப் போவதில்லை என்றும் சொன்னேன்.

"எழுதிக்கோ. தமிழ்ல எழுதினா இங்க எவன் படிக்கப் போறான். எம் பொண்ணே படிக்காது."

"சிலதை மாத்திடறேன்."

"மாத்து, மாத்து. நீங்கள்லாம் நல்லா மாத்துவீங்க."

சிரித்தாள் போல இருந்தது, தெளிவாகக் கேட்கவில்லை. அந்த வாகட் பெண்ணிடமும் கேட்டேன், தன்னையும் மாற்றிவிடச் சொன்னாள். சிலதை மாற்றியிருக்கிறேன். எதை என்று சொல்லமாட்டேன். மாற்றியது போதுமா என்று தெரியாமல் இரண்டு தடவை இதைக் கிழித்திருக்கிறேன்.

அவள் ஃபோன் செய்தது வேறு விஷயத்துக்காக. அறைக்கு அவள் கொடுத்திருந்த டெபாசிட் பதினைந்தாயிரம். வீட்டுக்காரர் காலி செய்த அன்று ஆறாயிரத்து ஐந்நூறு கொடுத்துவிட்டு, மிச்சம் சுவர் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார். அந்தச் சந்துக்குள் திரும்பி வர அவளுக்கு முகம் இல்லை. நீ போய்க் கேளுக்கா என்றாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறேன். சுவரைப் பார்த்தாயிற்று, வெள்ளையும் அடித்தாயிற்று, புதுக் குடித்தனமும் வந்தாயிற்று. "அவளை வரச் சொல்லு, கையில் தருகிறேன்," என்கிறார் வீட்டுக்காரர். அவள் நம்பர் இப்போது அடிப்பதில்லை. நான் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். பாக்கி எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.